வரி நோட்டீஸைத் தமிழில் விளக்கச் சொல்வதும், விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்பதும்: முழுமையான வழிகாட்டி

மலேசிய வருமான வரி வாரியமான எல்.எச்.டி.என்.-இலிருந்து நோட்டீஸ் வருகிறது, முழுக்க மலாய், வீட்டில் யாருக்கும் சரியாகப் புரியவில்லை. அதைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கலாமா, நேரில் கூப்பிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாமா என்றால், இரண்டையும் கேட்கலாம். ஆனால் பலர் மொழியை முதலில் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள், அதற்குள் முறையீட்டுக்கான 30 நாள் போய்விடுகிறது. அதனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

ஒரு குடும்பத்தின் கதையைக் கடைசிவரை கூடவே எடுத்துப் போகிறேன். சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்திலிருந்து ஆலைக்குப் பழக்குலை ஏற்றிப் போகும் ஒரு லாரிக்காரர். வயது அறுபதுக்கு மேல். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பெயர் வேண்டாம், லாரி அண்ணன் என்றே சொல்கிறேன். 2025 மார்ச் 3 தேதியிட்ட ஒரு நோட்டீஸ் அவருக்கு வந்தது.

முதலில் ஒரு விஷயம்: உரிமை எவ்வளவு, கேட்டுப் பெறுவது எவ்வளவு

வரி நோட்டீஸ் தமிழில்தான் வரவேண்டும் என்று கேட்க மலேசியச் சட்டத்தில் உரிமை இல்லை. அரசியலமைப்பின் 152ஆம் பிரிவும், 1963/67 தேசிய மொழிச் சட்டமும் அரசாங்கக் காரியத்துக்கு மலாய்மொழி என்று வைத்திருக்கின்றன. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, பொதுநலன் கருதி மற்ற சமூகங்களின் மொழியில் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்த அரசாங்கத்துக்கு உள்ள உரிமை பாதிக்கப்படாது என்கிறது. அந்த உரிமை அரசாங்கத்துடையது, நம்முடையதல்ல. அதனால் கடிதத்தில் "இது என் உரிமை" என்று எழுத வேண்டாம். சட்டம் இதற்குத் தடை போடவில்லை, எனக்கு இது தேவைப்படுகிறது, காரணம் இன்னது என்று எழுதுங்கள். அதிகாரிக்கு மறுக்க வேண்டிய கட்டாயம் இல்லாத ஒன்றைக் கேட்கிறோம் என்பதுதான் நம் பலம்.

குற்றவியல் நீதிமன்றம் மட்டும் வேறு. அங்கே புரிகிற மொழி நிஜமாகவே உரிமை. அது கடைசிப் பகுதியில் வருகிறது.

1. உறையைப் பிரித்ததும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

தாளில் உள்ள தேதி, கைக்கு வந்த தேதி இரண்டையும் உறையின் மேலேயே பேனாவால் எழுதுங்கள், உறையைத் தூக்கிப் போடாதீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 99ஆம் பிரிவுப்படி முறையீடு செய்ய 30 நாள். சட்டம் அதை நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து எண்ணுகிறது. ஆனால் தபாலில் அனுப்பினால் எந்த நாள் "சேர்ந்ததாக" கருதுவது என்பதற்குத் தனி விதி உண்டு, அதை வைத்து வாதாடிக்கொண்டிருக்காமல் தாளில் உள்ள தேதியிலிருந்தே எண்ணினால் பாதுகாப்பு.

லாரி அண்ணனுக்கு மார்ச் 3-இலிருந்து எண்ணினால் ஏப்ரல் 2. கேட்க நிறைய நாள் இருப்பதுபோல் தெரியும். ஆனால் அந்த ஆண்டு மார்ச் 29, 30 சனி ஞாயிறு, 31-உம் ஏப்ரல் 1-உம் நோன்புப் பெருநாள். ஏப்ரல் 2-ஐ நம்பாவிட்டால், நிம்மதியாக அலுவலகம் போய்க் கொடுக்கக்கூடிய கடைசி நாள் மார்ச் 28, வெள்ளிக்கிழமை. எண்ணும்போது காலண்டரில் விடுமுறைகளையும் பாருங்கள், உங்கள் மாநிலத்தில் வார விடுமுறை எந்த நாள் என்பதையும் சேர்த்து. கெடாவில் இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை அலுவலகம் திறந்திருக்காது.

இன்னொன்று. நோட்டீஸ் தபாலில் வராமல் வாரியத்தின் இணையத்தளமான MyTax-இல் மட்டும் வந்து கிடப்பதும் உண்டு. பெரியவர்களின் கணக்கை யாரோ திறந்து கொடுத்திருப்பார்கள்: மருமகன், பக்கத்து வீட்டுப் பையன், வரிப் பாரம் நிரப்பித் தரும் கடைக்காரர். மின்னஞ்சல் அவர்களுடையதாகவே இருக்கும். யாருடைய போனுக்கு வருகிறது என்று இன்றே கேட்டுவிடுங்கள்.

2. வந்திருப்பது எந்தத் தாள் என்று கண்டுபிடியுங்கள்

மொழிபெயர்க்க வேண்டாம், தலைப்பை மட்டும் படித்தால் போதும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளையே இதைச் செய்துவிடும்.

"நோத்திஸ் தக்சிரான்" என்றோ "நோத்திஸ் தக்சிரான் தம்பாஹான்" என்றோ இருந்தால் அது வரி விதிப்பு நோட்டீஸ், இரண்டாவது கூடுதல் வரி விதிப்பு. மூலையில் போராங் ஜே, ஜே.ஏ. என்றிருக்கும். இதற்குத்தான் 30 நாள் கடிகாரம் ஓடுகிறது. ஆடிட் என்றோ தெமுடுகா என்றோ இருந்தால் கணக்குப் பார்க்கவோ நேர்காணலுக்கோ கூப்பிடுகிறார்கள், இன்னும் வரி போடவில்லை. நீதிமன்ற முத்திரையோடு சம்மன் வந்தால் அது தனி வழி, நேராக 7ஆம் பகுதிக்குப் போங்கள்.

ஏன் இதைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், மொழி உதவியை எங்கே, யாரிடம் கேட்பது என்பது தாளுக்குத் தாள் மாறுகிறது. லாரி அண்ணனுக்கு வந்தது தம்பாஹான்.

3. போராங் கியூவை முதலில் கொடுத்துவிடுங்கள், மொழி அப்புறம்

இந்த ஒரு படியை மட்டும் சரியாகச் செய்தால்கூடப் போதும் என்று சொல்வேன். மொழிபெயர்ப்பு கேட்டுக் கடிதம் கொடுத்தால் 30 நாள் நின்றுவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நிற்காது. விளக்கம் கேட்ட கடிதம் முறையீடு ஆகாது. முறையீட்டுக்கு போராங் கியூ என்று தனிப் பாரம் இருக்கிறது, அதை நோட்டீஸ் அனுப்பிய கிளையில் கொடுக்க வேண்டும்.

"நோட்டீஸே புரியவில்லை, எதை எதிர்த்து எழுதுவது?" என்று கேட்பீர்கள். பாரத்தில் காரணம் எழுதியாக வேண்டும், அது உண்மை. ஆனால் முழு வாதமும் அன்றே தேவையில்லை. லாரி அண்ணனுக்கு எழுதிய காரணம் இவ்வளவுதான்: சேர்க்கப்பட்ட தொகை லாரியின் மொத்த வாடகை வசூல், அதில் டீசல், டிரைவர் சம்பளம், டயர், ரிப்பேர் செலவுகள் கழிக்கப்படவில்லை, ஆதாரங்களைப் பின்னர் தருகிறேன். தொகையை வைத்தே இதைச் சொல்ல முடிந்தது. நோட்டீஸில் எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தான், போன வருடம் அனுப்பிய பாரத்தின் எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே வித்தியாசம் என்று தெரிந்துவிடும்.

பாரத்தை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் கிடைத்ததற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். "கொடுத்துட்டேன்" என்று பின்னால் சொல்வதற்கு அந்த முத்திரையைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

30 நாள் ஏற்கனவே போயிருந்தால் போராங் என் என்ற பாரத்தில் கால நீட்டிப்பு கேட்கலாம். மொழி புரியாததைக் காரணமாக எழுதலாம், உண்மையாக இருந்தால் எழுதத்தான் வேண்டும். ஆனால் அதை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. இரண்டு வாரத்தில் செய்திருக்கக்கூடிய ஒரு வேலையை அந்த முடிவின் கையில் ஏன் விட வேண்டும்?

அப்புறம் பணம். முறையீடு செய்தாலும் வரியைக் கட்ட வேண்டும் என்கிறது 103ஆம் பிரிவு. நோட்டீஸ் சேர்ந்து 30 நாளுக்குள் கட்டாத தொகையின் மேல் 10 விழுக்காடு ஏறும். "அப்பீல் போட்டாச்சு, கட்ட வேண்டாம்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணை கேட்டுத் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். அதையும் முறையீட்டையும் ஒரே தாளில் கலக்காதீர்கள், வசூல் பார்ப்பவரும் முறையீடு பார்ப்பவரும் வேறு வேறு மேசை. கலந்து எழுதினால் ஏதாவது ஒரு பாதி பார்க்கப்படாமல் போகும்.

4. விளக்கம் கேட்கும் கடிதம்

பாரம் உள்ளே போனபின் இதைக் கொடுங்கள். அதே நாளில், அதே கவுண்டரில் கொடுத்தாலும் சரி, தாள் மட்டும் தனியாக இருக்கட்டும். கடிதம் மலாயில் இருக்க வேண்டும். தமிழில் எழுதிக் கொடுத்தால் அவர்கள் அதை மொழிபெயர்க்க ஆள் தேடுவார்கள், நாள்தான் போகும். ஊரில் ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை யாராவது எழுதித் தருவார்கள்.

தலைப்பில் பெயர், ஐ.சி. எண், வரிக் கோப்பு எண், எந்த ஆண்டுக்கான நோட்டீஸ், அதன் தேதி. கீழே நான்கு விஷயம் போதும். எனக்குப் பேச்சு மலாய் தெரியும், எழுத்து மலாயும் வரிச் சொற்களும் புரியாது. கூடுதலாகச் சேர்த்த தொகை எதிலிருந்து வந்தது, எந்தச் செலவை நீக்கினீர்கள், அபராதம் எவ்வளவு என்ற மூன்றையும் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் விளக்க ஏற்பாடு செய்யுங்கள், முடியாவிட்டால் நான் அழைத்துவரும் மொழிபெயர்ப்பாளர் முன் விளக்குங்கள். இனிவரும் நேர்காணல்களுக்கும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தேதி சொல்லுங்கள்.

முதல் வரியை நான் வேண்டுமென்றே முதலில் வைத்திருக்கிறேன். நம் பெரியவர்களில் பலர் பாசார் மலாய் தாராளமாகப் பேசுவார்கள். கவுண்டரில் "செலாமாட் பாகி, இன்ச்சே" என்று தொடங்கி ஐந்து நிமிடம் பேசிவிடுவார்கள். அதிகாரி அதைக் கேட்டுவிட்டு, இவருக்கு மலாய் தெரியுமே, எதற்கு ஆள் என்று நினைப்பார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. சந்தையில் மீன் வாங்கும் மலாய் வேறு, தேய்மானக் கழிவு பற்றிக் கேட்கும் மலாய் வேறு. இந்த வித்தியாசத்தைக் கடிதத்தில் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால், பின்னால் "அன்றைக்கு நன்றாகத்தானே பேசினார்" என்ற பேச்சு எழாது.

நோட்டீஸ் முழுவதையும் தமிழில் எழுதித் தரச் சொல்லாதீர்கள். அது பெரிய கோரிக்கை, மறுப்பது எளிது. மூன்று கேள்விக்கு வாய்மொழி விளக்கம் கேட்டால் செய்துதருவது எளிது. வீட்டில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்றால், ஆங்கிலத்திலாவது விளக்கக் கடிதம் தர முடியுமா என்று சேர்த்துக் கேளுங்கள். MyTax திரையையே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். நல்ல அதிகாரியாகவே இருப்பார், "சரி அங்கிள், பார்க்கிறேன்" என்பார், அடுத்த மாதம் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போய்விடுவார். கோப்பில் எதுவும் இருக்காது.

5. யாரை அழைத்துப் போவது

அவர்களே தமிழ் அதிகாரியை ஏற்பாடு செய்தால் நல்லது. பெரும்பாலும் உங்களையே ஆள் கொண்டுவரச் சொல்வார்கள். இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள்.

தம்பி மகனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு போய் நின்றால், அதிகாரி பேச மறுக்கலாம். காரணம் 138ஆம் பிரிவு: வரி செலுத்துபவரின் விவரங்கள் ரகசியம், மூன்றாம் ஆள் முன் பேசக்கூடாது. அதனால் ஒரு ஒப்புதல் கடிதம் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்: இன்னார், ஐ.சி. எண் இன்னது, என் மொழிபெயர்ப்பாளராக வருகிறார், அவர் முன்னிலையில் என் வரி விவரங்களைப் பேசச் சம்மதிக்கிறேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, இரண்டு பேரின் ஐ.சி. பிரதியும் வைத்துவிடுங்கள்.

யாரை அழைக்கக்கூடாது என்பதைச் சொல்கிறேன். லாரியில் பங்கு உள்ளவர் வேண்டாம், கணக்கு எழுதியவர் வேண்டாம். அவர்கள் பின்னால் சாட்சியாக வரவேண்டியிருக்கும், அவர்களே மொழிபெயர்த்தால் தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளும் வேண்டாம். அபராதம் என்று கேட்டதும் பயந்து, தாத்தாவிடம் பாதியைச் சொல்லாமல் விடும். கோயில் கமிட்டித் தலைவர் மாதிரி பெரிய மனிதரை அழைத்துப் போவதும் நம்மூர் வழக்கம். அவர் மொழிபெயர்க்க மாட்டார், உங்களுக்காகப் பேசத் தொடங்கிவிடுவார். பிறகு பதிவில் இருப்பது அவர் சொன்னது.

நல்ல ஆள் என்றால் ஓய்வுபெற்ற ஆசிரியர், தோட்டத்து ஆபிஸில் கிராணியாக இருந்தவர், இப்படி மலாய் ஆவணங்களைப் படித்துப் பழகியவர். வரி ஏஜெண்ட் தமிழராக இருந்தாலும் அவரையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அவர் வாதாட வேண்டியவர். ஒரே வாயால் இரண்டு வேலை நடக்கும்போது எது உங்கள் பதில், எது அவர் வாதம் என்று எழுதுபவருக்குத் தெரியாது.

உங்கள் ஆவணங்களுக்கும் மொழி உண்டு. லாரி அண்ணனின் டீசல் கணக்கும் டிரைவருக்குக் கொடுத்த முன்பணமும் 555 நோட்டில் தமிழில்தான் இருந்தன. கணக்குப் புத்தகம் தேசிய மொழியில் இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பு தரச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதற்காக நோட்டைப் புதிதாக மலாயில் எழுதி வைக்காதீர்கள், அது போலிக் கணக்கு போலத் தோன்றும். மூல நோட்டை அப்படியே வைத்து, பக்கம் பக்கமாக மொழிபெயர்ப்பைத் தனித் தாளில் எழுதுங்கள். சான்றளித்த மொழிபெயர்ப்பே வேண்டும் என்றால் தேசிய மொழிபெயர்ப்பு, புத்தகக் கழகமான ஐ.டி.பி.எம். இருக்கிறது. பக்கத்துக்குக் காசு ஆகும், அதனால் வழக்குக்குத் தேவையான பக்கங்களை முதலில் பிரித்தெடுங்கள்.

6. நேர்காணல் நாளில்

உட்கார்ந்ததும் முதல் வேலை: மொழிபெயர்ப்பாளர் வந்திருக்கிறார் என்பதையும், அவர் பெயரையும் வாக்குமூலத் தாளின் தலைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள், முன்கூட்டியே வீட்டில் ஒருமுறை பழகியும் பாருங்கள்: கேள்வி முழுவதும் தமிழில் வந்தபின்தான் பதில், பதில் தமிழில் மட்டும். பாதி புரிந்ததும் பாசார் மலாயில் நேராகப் பதில் சொல்லிவிடுவது நம்மவர்களின் பழக்கம், மரியாதை என்று நினைத்துச் செய்கிறார்கள். அந்த ஒரு பதில்தான் தாளில் ஏறும்.

லாரி அண்ணனுக்கு நடந்தது இதுதான். ஆடிட்டின்போது மொழிபெயர்ப்பாளர் இல்லாமல், மாதம் எவ்வளவு வருமானம் என்று கேட்டிருக்கிறார்கள், அவர் ஒன்பதாயிரம் என்று சொல்லியிருக்கிறார். பொய் இல்லை, லாரி மாதம் 9,000 வெள்ளிதான் ஓடுகிறது. அதில் டீசல் 3,200, டிரைவர் 2,200, டயரும் ரிப்பேரும் சராசரி 900, மொத்தம் 6,300 போய்விடும். கைக்கு நிற்பது 2,700. நாம் தமிழில் இரண்டையுமே வருமானம் என்கிறோம். மலாயில் பெண்டாப்பாத்தான் காசார் என்றால் மொத்தம், பெர்சிஹ் என்றால் செலவு போக நின்றது. அவர் காதில் விழுந்தது பெண்டாப்பாத்தான் மட்டும். ஆண்டுக்கு 32,400 இருக்க வேண்டிய இடத்தில் 1,08,000 ஏறியது, கூடுதல் நோட்டீஸ் அதிலிருந்து பிறந்தது.

அதனால் போவதற்கு முன் மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து சில சொற்களை முடிவுசெய்துகொள்ளுங்கள். மொத்தத்துக்கு "வசூல்", மிச்சத்துக்கு "நின்றது" என்று எங்கள் ஊரில் வைத்துக்கொண்டோம். கடனாக வாங்கியது, முன்பணமாக வந்தது, பிள்ளைகள் அனுப்பியது ஆகியவற்றுக்கும் தனித்தனிச் சொல் வையுங்கள். வங்கிக் கணக்கில் விழுந்த எல்லாப் பணத்தையும் பற்றிக் கேட்பார்கள், எல்லாவற்றுக்கும் "காசு வந்தது" என்று சொன்னால் எல்லாம் வருமானமாகிவிடும்.

மொழிபெயர்ப்பு சரியாகப் போகிறதா என்பதைக் கவனிக்க ஒரு வழி உண்டு. நீங்கள் நான்கு வரி பேசி அவர் நான்கே சொல்லில் முடித்தால் எதையோ விட்டுவிட்டார். நீங்கள் ஆமாம் என்று சொன்னதற்கு அவர் நீளமாகப் பேசினால் எதையோ சேர்த்துவிட்டார். அங்கேயே நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கடைசியில் கையெழுத்து. வாக்குமூலத்தை வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். படித்துக் காட்டியபின், "தமிழில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது, புரிந்தது" என்று ஒரு வரி கீழே சேர்க்கச் சொல்லி, மொழிபெயர்ப்பாளரும் அதன் கீழ் ஒப்பமிடட்டும். தப்பாக இருந்த இடத்தை வெட்டித் திருத்தி பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். நேரமாகிவிட்டது, அப்புறம் படிக்கலாம் என்றால் இன்னொரு நாள் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று பணிவாகச் சொல்லுங்கள். ஒரு பிரதியும் கேளுங்கள்.

லாரி அண்ணன் முறையீட்டுக்கான சந்திப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோடு போனார். 555 நோட்டும் டீசல் ரசீதுகளும் கையில் இருந்தன. முதல் வேலையாக, முந்தைய வாக்குமூலத்தில் இருந்த 9,000 மொத்த வசூல் என்று எழுத்தில் திருத்தம் கொடுத்தார். ரசீது இருந்த செலவுகள் பேச்சுக்கு வந்தன. ரசீது இல்லாத டயர் செலவுக்கு நோட்டு மட்டும் போதவில்லை. மொழி சரியானதும் ஆதாரக் குறை தனியாகத் தெரிந்தது, ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

7. விஷயம் விசாரணைக்குப் போனால்

போராங் கியூ கொடுத்தபின் வாரியமே முதலில் மறுபடி பார்க்கும், அதற்கு 12 மாதம்வரை எடுத்துக்கொள்ளலாம். உடன்பாடு இல்லாவிட்டால் கோப்பு வருமான வரிச் சிறப்பு ஆணையர்களிடம், பெசுருஜாயா காஸ் என்பார்களே அவர்களிடம் போகும். அங்கே மொழிபெயர்ப்பாளர் கேட்பது மிக முக்கியம், காரணம் இது: அவர்கள் முடிவுக்கு மேல் உயர்நீதிமன்றம் போகலாம், ஆனால் சட்டக் கேள்விக்காக மட்டும். 9,000 வசூலா லாபமா என்பது சட்டக் கேள்வியல்ல, நடந்தது என்ன என்ற கேள்வி. அங்கே தப்பாகப் பதிந்தால் மேலே போய்த் திருத்துவது மிகவும் கஷ்டம்.

அதனால் விசாரணை நாள்வரை காத்திருக்காதீர்கள். வழக்கை முதலில் கூப்பிடும் நாளான செபுத்தானுக்குத் தேதி வந்ததும், அதற்கு முன்பே ஆணையர்களின் அலுவலகத்துக்கு எழுதுங்கள்: எந்த மொழி, சாட்சிகளில் யார் யாருக்குத் தேவை, அலுவலகம் ஏற்பாடு செய்யுமா அல்லது நான் கொண்டுவர வேண்டுமா. கடிதத்தின் ஒரு பிரதியை எதிர்த்தரப்புக்கும் அனுப்புங்கள். செபுத்தான் நாளில் வாயாலும் சொல்லி, குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். காலையில் வந்து நின்று கேட்டால் தேதி தள்ளிப்போகும், அல்லது மண்டபத்துக்கு வெளியே நிற்கும் யாரையாவது பிடித்து உட்கார வைப்பார்கள்.

சாட்சிகளின் வாக்குமூலம் முன்கூட்டியே எழுத்தில் தயாராகும், வக்கீலோ ஏஜெண்டோ மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுவார். இதற்கும் 6ஆம் பகுதியில் சொன்ன அதே கீழ்வரி வேண்டும். அது இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே, "இதைப் படிக்கத் தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள்?" என்றுதான் வரும்.

சம்மன் வந்தவர்களுக்கு இது. வரிப் பாரம் அனுப்பாததற்கு 112ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் அது குற்றவியல் வழக்கு, 200 முதல் 20,000 வெள்ளிவரை அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி குற்றச்சாட்டை வாசித்து விளக்க வேண்டும், ஒப்புக்கொண்டால் அதன் தன்மையும் விளைவும் உங்களுக்குப் புரிந்ததா என்று நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும். சாட்சியம் உங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தால் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது 270ஆம் பிரிவு. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார், அவருக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

போனதும், உங்கள் பெயரைக் கூப்பிடும் முன்பே, அந்த மொழிபெயர்ப்பாளரிடம் தமிழ் வேண்டும் என்று சொல்லுங்கள். நாள் முழுக்க வரிசையாக வழக்குகள் ஓடும், தலையாட்டினால் புரிந்ததாக எடுத்துக்கொள்வார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்ற கேள்வி தமிழில் வராமல் எந்தப் பதிலும் சொல்லாதீர்கள். அன்று தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லை என்றால், பதில் பதிவாவதற்கு முன்பே வேறு தேதி கேளுங்கள்.